இழை: ஹைபெரிகம் மாத்திரையால் டாக்ரோலிமஸ் அளவு பாதிக்கும் கீழே இறங்குமா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் (திங்கள், இரவு 9:40)

நம் கடையில் மாதாமாதம் மருந்து வாங்கும் ஒருவரைப் பற்றிக் கேட்கிறேன். வயது 41, சிறுநீரக மாற்று அறுவை முடிந்து மூன்று ஆண்டுகள். உடல் அதை நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் காலை 1.5 மி.கி., இரவு 1.5 மி.கி. கூடவே மைகோபினோலேட், பிரெட்னிசலோன் 5, டில்டியாசெம். ரத்தத்தில் டாக்ரோ அளவு ஒரு வருடமாக 6.5-க்கும் 7.2-க்கும் இடையில்தான். போன வாரம் எடுத்த அளவு 3.1. கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.4.

வேளை தவறவில்லை என்று அவர் மனைவி மாத்திரை அட்டையையே எண்ணிக் காட்டினார். கம்பெனி மாறவில்லை, டிபி மருந்து இல்லை, வலிப்பு மருந்து இல்லை. வேறு ஏதாவது என்று மூன்றாவது முறை கேட்டபோதுதான் "மருந்து இல்ல சார், மூலிகைதான்" என்று ஒரு டப்பாவை எடுத்து வந்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனர் ஹாம்பர்க்கிலிருந்து வாங்கி வந்தது. பெயர் "ஜொஹானிஸ்கிரவுட்", 300 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று. மனச்சோர்வுக்கு என்று 18 நாளாகச் சாப்பிட்டிருக்கிறார். தேடிப் பார்த்தால் ஹைபெரிகம், அதாவது செயின்ட் ஜான்ஸ் வொர்ட். லிவர் என்சைமை ஏற்றும் என்று போட்டிருக்கிறது.

இது மட்டுமே இவ்வளவு இறக்குமா? நாளைக் காலை அவரிடம் என்ன சொல்லி அனுப்பலாம்?

வியாசர்பாடி வாசு (திங்கள், இரவு 10:05)

அண்ணே, லிவர் என்சைம் ஏறிடுச்சுன்னு சொல்றீங்க. எஸ்ஜிபிடி எவ்வளவு? கீழாநெல்லி அரைச்சு மோரில் குடுத்தா ஒரு வாரத்தில் இறங்கும்.

பெரம்பூர் மருந்தியல் (திங்கள், இரவு 10:50)

வாசு தம்பி, "லிவர் என்சைம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கசிந்து வருபவை. இங்கே பேசுவது செல்லுக்குள்ளேயே இருந்து மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4. அது இரண்டு மடங்கானாலும் எஸ்ஜிபிடி நார்மலாகவே வரும். இவருக்குக் கல்லீரல் கெடவில்லை. அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதனால் கல்லீரல் பரிசோதனையான எல்எஃப்டி எடுத்துப் பார்த்து "எல்லாம் சரி" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கீழாநெல்லிக்கு இதில் வேலையில்லை. மாற்று சிறுநீரகம் உள்ளவருக்கு இன்னொரு மூலிகையைச் சேர்க்கவும் வேண்டாம்.

இனி கேள்விக்கு. ஆம், இது ஒன்றே இவ்வளவு இறக்கும். 2000-ஆம் ஆண்டு சூரிச்சில் இதய மாற்று செய்துகொண்ட இருவருக்கு இதே ஹைபெரிகத்தால், டாக்ரோலிமஸ் போலவே நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. இருவரும் அதை ஆரம்பித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. நிறுத்திய பிறகு அளவு திரும்பியது. அதே ஆண்டு எட்டு ஆரோக்கியமானவர்களுக்கு 300 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று வேளை, 14 நாள் கொடுத்துப் பார்த்ததில் எச்ஐவி மருந்தான இண்டினாவிர் ரத்தத்தில் கிடைக்கும் மொத்த அளவு சராசரியாக 57 சதவீதம் குறைந்தது. உங்கள் ஆள் சாப்பிட்டதும் அதே 300 மூன்று வேளை, ஏறக்குறைய அதே நாட்கள். 7-லிருந்து 3.1 என்றால் 56 சதவீதம். மருந்து வேறு என்பதால் எண் ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனால் இறக்கம் அந்த அளவுக்குப் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நடப்பது இதுதான். செடியில் ஹைபர்ஃபோரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கல்லீரல் செல்லிலும் சிறுகுடல் சுவரின் செல்லிலும் பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பி காவலுக்கு உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து வந்த பொருள் ஏதாவது தன்மேல் ஒட்டினால், உடனே மரபணுவில் போய் உட்கார்ந்து "சிதைக்கும் நொதியை இன்னும் செய்" என்று உத்தரவு போடும். ஹைபர்ஃபோரின் மிகக் குறைந்த அளவிலேயே அதில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு நொதி புதிதாக உற்பத்தியாகிக் குவிய வேண்டும், அதற்கு நாளாகும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாளில் எதுவும் தெரியாது. பத்து நாள், இரண்டு வாரத்தில் உச்சத்துக்கு வரும். குடல் சுவரில் மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் பம்பும் இதே உத்தரவில் பெருகும். டாக்ரோலிமஸ் இரண்டிலும் மாட்டும் மருந்து. குடலில் ஒரு பகுதி உள்ளே வராது, வந்ததும் கல்லீரலில் சீக்கிரம் சிதையும்.

ராயபுரம் செவிலியர் (திங்கள், இரவு 11:15)

ஒன்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் சார். 3.1 எந்த நேரத்தில் எடுத்த ரத்தம்? இரவு வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை வேளை போடுவதற்கு முன் எடுத்ததா? காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து ரத்தம் கொடுத்திருந்தால் அளவு உயர்ந்து காட்டும். அப்படி எடுத்தும் 3.1 என்றால் நிலைமை இன்னும் மோசம். இரவு வேளையை ஏழு மணிக்கே போட்டுவிட்டு மறுநாள் பதினொன்றுக்கு ரத்தம் கொடுத்திருந்தால் 16 மணி நேரம் ஆகியிருக்கும், அளவு சற்றுக் குறைத்தே காட்டும். முழு ரத்தம், ஊதா மூடி டியூப். சீரம் டியூபில் அனுப்பிவிட்டு எண்ணைப் பார்த்துப் பதறுவதும் நடக்கிறது.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் (செவ்வாய், காலை 6:30)

அக்கா, கேட்டுவிட்டேன். இரவு எட்டரைக்கு மாத்திரை, காலை எட்டே முக்காலுக்கு ரத்தம், அதற்குப் பிறகுதான் காலை வேளை. டியூபும் ஊதாதான். ஆக, எண் நம்பத்தக்கது.

கொளத்தூர் ஓமியோ (செவ்வாய், காலை 7:20)

ஹைபெரிகம் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதுகிறேன். விரல் கதவிடுக்கில் நசுங்கினாலோ நரம்பு அடிபட்டாலோ நாங்கள் தினமும் கொடுப்பது ஹைபெரிகம் 200. இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் எந்த மருந்தோடும் மோதவில்லை. மூலிகையே ஆபத்து என்று மக்களைப் பயமுறுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பெரம்பூர் மருந்தியல் (செவ்வாய், காலை 8:10)

டாக்டர், 200 வீரியத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அந்த அளவுக்கு நீர்த்த பிறகு ஹைபர்ஃபோரின் ஒரு மூலக்கூறுகூட உருண்டையில் மிஞ்சாது. இல்லாத பொருள் பிஎக்ஸ்ஆரில் ஒட்ட வழியில்லை. 30-க்கும் இதே கதை. ஆனால் தாய்த் திரவம், புட்டியில் க்யூ என்று எழுதியிருப்பது, வேறு. அது செடியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. ஹைபர்ஃபோரின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். எவ்வளவு இருக்கிறது என்று புட்டியில் எழுதுவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தானாகவே சிதைந்துபோவதால், புதுப் புட்டிக்கும் ஒரு வருடம் திறந்திருந்த புட்டிக்கும்கூட வித்தியாசம் இருக்கும். ஒரே கடையில், ஒரே அலமாரியில், ஒரே பெயரில் இரண்டும் இருக்கின்றன. மாற்று உறுப்பு உள்ளவருக்கு உருண்டையா சொட்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கொளத்தூர் ஓமியோ (செவ்வாய், காலை 8:45)

க்யூ பற்றி ஒப்புக்கொள்கிறேன். காயத்தைக் கழுவத்தான் நான் தருவேன். ஆனால் கடைகளில் நேராகக் கேட்டு வாங்கி 20 சொட்டு வீதம் குடிப்பவர்கள் உண்டு என்பது உண்மை. இனி என் நோயாளிச் சீட்டில் உள்மருந்துப் பட்டியலையும் கேட்டு எழுதுகிறேன்.

புதுவண்ணை மலர் (செவ்வாய், காலை 9:30)

என் அம்மாவுக்கு மைட்ரல் வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். கை விரல் நசுங்கியதற்கு ஹைபெரிகம் 200 உருண்டை மூன்று நாள் கொடுத்தோம். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் இப்போது 1.9. இதனால்தானா? பயமாக இருக்கிறது.

பெரம்பூர் மருந்தியல் (செவ்வாய், காலை 9:55)

மலர் மேடம், உருண்டை 200 என்றால் அதனால் இல்லை. மூன்று நாள் என்பதும் நொதி பெருகப் போதாத காலம். ஆனால் இயந்திர வால்வு, அதுவும் மைட்ரல் இடத்தில் என்றால் வழக்கமாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் ஐஎன்ஆர் இருக்க வேண்டும், 1.9 போதாது. காரணம் தேடுவதை இங்கே விட்டுவிட்டு, இன்றே அவர் பார்க்கும் இதயப் பிரிவில் எண்ணைச் சொல்லுங்கள். தவறிய வேளை உண்டா, இந்த வாரம் கீரை வழக்கத்தைவிட அதிகமா என்று அவர்கள் கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஹைபெரிகம் மாத்திரை என்றால் வார்ஃபரினையும் அது இதே வழியில் குறைக்கும். அசிட்ரோமும் அந்தக் குடும்பம்தான்.

எண்ணூர் பார்ம்டி (செவ்வாய், பகல் 12:20)

வணக்கம் சார். இது பம்ப்ளிமாஸ் மாதிரிதானே? மாற்று சிறுநீரகக்காரர்களுக்கு அதுவும் ஆகாது என்போம், அங்கேயும் சிஒய்பி3ஏ4தான். அப்படியானால் இவருக்கு டாக்ரோ டோஸை இரண்டு மடங்காக்கி 3 மி.கி. இரண்டு வேளை கொடுத்தால் அளவு 6-க்கு வந்துவிடும், கணக்கு நேர்.

பெரம்பூர் மருந்தியல் (செவ்வாய், பகல் 1:40)

தம்பி, நொதி அதேதான், திசை நேர் எதிர். பம்ப்ளிமாஸ் அந்த நொதியை முடக்கும். அதனால் டாக்ரோ ஏறும். ஹைபெரிகம் நொதியைப் பெருக்கும், டாக்ரோ இறங்கும். இவருக்கு டில்டியாசெம் கொடுத்திருப்பதும் அதே நொதியைச் சற்று மெதுவாக்கி, குறைந்த டாக்ரோவிலேயே அளவைத் தக்கவைக்கத்தான். இங்கே பல இடங்களில் செலவைக் குறைக்க அப்படிச் செய்வார்கள். "ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடு" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன். பழத்துக்குப் பழம், டப்பாவுக்கு டப்பா சத்து மாறும். அதை வைத்து அளவை நிலைநிறுத்த முடியாது.

டோஸ் கணக்கு இன்றைக்குச் சரி, இரண்டு வாரம் கழித்துத் தப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 3 மி.கி.க்கு அளவு 3.1 என்றால் 6 மி.கி.க்கு ஏறக்குறைய 6.2 வரும். ஆனால் மூலிகையை நிறுத்திவிட்டோம். ஹைபர்ஃபோரினின் அரை ஆயுள் சுமார் 9 மணி நேரம், இரண்டு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். செய்துவைத்த நொதி உடனே போகாது. அது தானே தேய்ந்து பழைய நிலைக்கு வர ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதற்குள் யாரும் டோஸைக் குறைக்காவிட்டால், பழைய நொதி அளவில் 6 மி.கி. உள்ளே போகும். முன்பு 3 மி.கி.க்கு 7 இருந்தது. அப்படியென்றால் 14. கை நடுக்கம், தலைவலி, பொட்டாசியம் ஏற்றம், சர்க்கரை ஏற்றம், கிரியேட்டினினும் ஏறும்.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. கிரியேட்டினின் ஏறியதும் "நிராகரிப்பு வந்துவிட்டது, டாக்ரோ போதவில்லை" என்று நினைத்து இன்னும் ஏற்றிவிடுவார்கள். முதல் வாரம் கிரியேட்டினின் ஏறினால் டாக்ரோ குறைந்ததால் இருக்கலாம், மூன்றாம் வாரம் ஏறினால் டாக்ரோ மிகுந்ததால் இருக்கலாம். எண் ஒன்று, காரணம் இரண்டு. பிரித்துக் காட்டுவது அதே நாளில் எடுத்த டாக்ரோ அளவு மட்டும்தான். மூலிகையை ஆரம்பித்தபோது ஒரு ஆபத்து, நிறுத்தும்போது இன்னொன்று. இரண்டாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் (செவ்வாய், மாலை 4:15)

அப்படியானால் நிறுத்தச் சொல்லலாமா, வேண்டாமா?

பெரம்பூர் மருந்தியல் (செவ்வாய், மாலை 5:00)

நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்திய தேதி மாற்று சிறுநீரகப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தினால், அடுத்த பரிசோதனையில் "3.1, ஏற்று" என்று ஏற்றிவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள். நான் சொன்ன 14 அப்படித்தான் வரும். ஒரு தாளில் இத்தனை மட்டும் எழுதிக் கொடுங்கள்: மூலிகையின் பெயர், மி.கி., எந்தத் தேதியில் ஆரம்பம், கடைசி மாத்திரை எந்தத் தேதி, அதற்கு முந்தைய மூன்று டாக்ரோ அளவுகள். டப்பாவையே கையில் கொடுத்தனுப்புங்கள். இன்றே போகட்டும், அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

டப்பாவில் "ஹைபெரிசின் 0.3 சதவீதம்" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து யாரும் சமாதானம் அடையக் கூடாது. நொதியைத் தூண்டுவது ஹைபெரிசின் அல்ல, ஹைபர்ஃபோரின். அதன் அளவைச் சில கம்பெனிகள் எழுதும், பல எழுதாது. 3 சதவீதம் என்றால் 900 மி.கி. சாற்றில் 27 மி.கி. நாளைக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தால் தூண்டுதல் பொருட்படுத்தும்படி இல்லை என்று ஹைபர்ஃபோரின் குறைத்த சாறுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் மாற்று உறுப்பு உள்ளவருக்கு அந்த வகையையும் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ராயபுரம் செவிலியர் (செவ்வாய், இரவு 8:30)

மூன்று ஆண்டு ஆனவர், கிரியேட்டினின் 1.4தான். டோஸைத் தொடாமல் மூலிகையை மட்டும் நிறுத்திவிட்டு, நான்கு நாளைக்கு ஒருமுறை அளவு பார்த்தால் போதாதா? ஏற்றி இறக்கும் குழப்பமே இருக்காது. வீட்டில் பழைய கணக்கிலேயே மாத்திரை எடுத்துவைப்பார்கள், தப்பு வராது.

பெரம்பூர் மருந்தியல் (செவ்வாய், இரவு 9:10)

அதுவும் ஒரு வழிதான், மேடம். கிரியேட்டினின் அசையாமல் இருந்திருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அளவு 3-ஐ ஒட்டி ஏற்கெனவே எத்தனை நாள் இருந்தது என்று தெரியாது, இன்னும் ஒரு வாரம் அப்படியே விட வேண்டுமா என்பதுதான் என் தயக்கம். கொஞ்சம் மட்டும் ஏற்றி, அளவு ஏற ஏற இறக்குவது எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. ஆனால் வாரம் இரண்டு முறை ரத்தம் கொடுக்க அவர் வந்தே ஆக வேண்டும். வர மாட்டார் என்றால் நீங்கள் சொல்வதே மேல். எப்படியும் முடிவு அந்தப் பிரிவுடையது.

எண்ணூர் பார்ம்டி (செவ்வாய், இரவு 9:40)

சார், மனச்சோர்வுக்கு என்று சாப்பிட்டார் அல்லவா? நிறுத்தினால் அதற்கு என்ன? நாளையே செர்ட்ராலின் மாற்றிக் கொடுக்கலாமா?

பெரம்பூர் மருந்தியல் (செவ்வாய், இரவு 10:05)

நல்ல கேள்வி, இங்கே யாரும் கேட்காத கேள்வி. அந்தச் சோர்வு உண்மையானது, டப்பாவோடு அதையும் சொல்லச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் பார்க்கட்டும். செர்ட்ராலினை உடனே மேலேயே போடக் கூடாது. இது 3ஏ4 விவகாரம் இல்லை, இரண்டும் செரோடோனினைக் கூட்டுபவை. சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் வரும். இடைவெளியை அந்த மருத்துவர் முடிவு செய்வார். டாக்ரோ மிகுந்தாலும் கை நடுங்கும் என்று மேலே சொன்னேன், குழப்பம் அங்கேயும் வரும்.

காசிமேடு கடல் (புதன், காலை 7:00)

நானும் கப்பலில்தான். ஜெர்மனியில் இது மருந்துக் கடையிலேயே விற்கிறது, சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். நம் பசங்க தூக்கம் வரலேன்னு வாங்கிட்டு வருவாங்க. டீத்தூளாகவும் இருக்கு. டீயும் இப்படித்தானா?

பெரம்பூர் மருந்தியல் (புதன், காலை 7:45)

டீயில் ஹைபர்ஃபோரின் மிகக் குறைவு, வெந்நீரில் அது இறங்காது. மாத்திரை அளவுக்குத் தொல்லை தராது. ஆனால் டாக்ரோலிமஸ், எச்ஐவி மருந்து, கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், புற்றுநோய்க்கு இமாடினிப் சாப்பிடும் வீட்டுக்கு வாங்கி வராதீர்கள், டீ என்றாலும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இடையில் ரத்தம் படுவதுதான் முதல் அறிகுறி, அதைச் சாதாரணமாக எண்ணிவிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் (அடுத்த வாரம் வெள்ளி, இரவு 9:15)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். செவ்வாய் மாலையே டப்பாவோடு போனார். மூலிகை நிறுத்தம், டாக்ரோ 2 மி.கி. இரண்டு வேளை. நான்காம் நாள் அளவு 4.8. எட்டாம் நாள் 6.9. அன்றே இரவு வேளையை 1.5 ஆக்கிவிட்டார்கள், காலை 2 அப்படியே. கிரியேட்டினின் 1.3. கை நடுக்கம் இல்லை. மனநலப் பிரிவுக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் போகவில்லை. திங்கள் காலை மறுபடி ரத்தம்.

ராயபுரம் செவிலியர் (வெள்ளி, இரவு 9:40)

4 மி.கி.க்கு 6.9 என்றால் 3 மி.கி.க்கு 5.2. பழைய 7 இன்னும் வரவில்லை, நொதி இன்னும் முழுதாக இறங்கவில்லை சார். திங்கள் அளவு 7-ஐத் தாண்டினால் காலை வேளையையும் குறைப்பார்கள் பாருங்கள். ஞாயிறு இரவு மாத்திரை நேரத்தை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர் (வெள்ளி, இரவு 9:52)

சொல்லிவிட்டேன் அக்கா. இரவு எட்டரை, காலை எட்டரை. டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை அவர் மனைவி கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.